அம்மாவுக்கு ஏழு வாரமாக இருமல்: சளிச் சோதனையில் 'இல்லை' என்று வந்தால் காசநோய் இல்லை என்றே முடிவா?

மேல்மலைப்பனி (ஞாயிறு இரவு 8.50)

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மஸ்கெலியாப் பக்கம். அம்மாவுக்கு 52 வயது, இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறார். ஏழு வாரமாக இருமல் நிற்கவில்லை. வறட்டு இருமல்தான், சளி அதிகம் வராது. இரவு படுத்து ஒரு மணி நேரத்தில் தொடங்கும். விடிகாலை மூன்று, நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார். பகலில் மலையில் நிற்கும்போது அவ்வளவு இல்லை, ஆனால் பேசப் பேச வரும்.

காய்ச்சல் இல்லை. மூன்று கிலோ அளவு மெலிந்திருக்கிறார், இரவுச் சாப்பாடு சரியாக இறங்காததால் என்று நினைக்கிறோம். தோட்ட டிஸ்பென்சரியில் அமொக்ஸிசிலின், பிறகு டவுனில் இன்னொரு அன்டிபயோடிக், அப்புறம் இரண்டு வகை சிரப். எதற்கும் அசையவில்லை. போன வாரம் ஒரு தனியார் லேபில் சளி கொடுத்தோம். 'காசநோய்க் கிருமி காணப்படவில்லை' என்று ரிப்போர்ட். இத்தோடு அந்தப் பயத்தை விட்டுவிடலாமா? எங்கள் லயத்தில் இரண்டு வருடத்துக்கு முன் ஒருவருக்கு இருந்தது, அதனால் கேட்கிறேன்.

கொட்டகலைத்தம்பி (ஞாயிறு இரவு 9.15)

அண்ணே, பயப்படாதீங்க. டீபி என்றால் சளியில் இரத்தம் வரும், சாயந்திரக் காய்ச்சல் வரும், ஆள் எலும்பும் தோலுமாகிவிடுவார். அம்மாவுக்கு அது ஒன்றும் இல்லையே. சின்ன வயதில் தோளில் ஊசி போட்ட தழும்பு இருந்தால் அந்த நோய் வரவே வராது. இது கேஸ்தான். இரவு படுத்தால் வருகிறது என்பதே அடையாளம். ஒமெப்ரசோல் இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்க.

ஆய்வுக்கூட அக்கா (ஞாயிறு இரவு 10.05)

தம்பி கொட்டகலை சொன்னதில் பாதியை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. மார்பு நோய் கிளினிக் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் 19 வருடமாகச் சளி பார்க்கிறேன். இரத்தம் வந்து, எலும்பாகி வருகிறவர்கள் நாட்கணக்கைத் தாண்டி மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள். இருமலைத் தவிர வேறொன்றும் இல்லாமல் நடந்து வந்து கிருமியோடு போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளி பார்க்கச் சொல்கிறோம். தோளில் போடும் பி.சி.ஜி. ஊசி குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் கடுமையான வகையிலிருந்து நல்ல பாதுகாப்புத் தரும். வயது வந்தவரின் நுரையீரலுக்கு அதை நம்பி இருக்க முடியாது.

மேல்மலைத் தம்பிக்கு மூன்று கேள்வி. எத்தனை தடவை சளி கொடுத்தீர்கள்? எந்த நேரத்தில், எப்படிக் கொடுத்தார்? அம்மா வேறு என்ன மாத்திரை குடிக்கிறார், கிளினிக் கொப்பியைப் பார்த்து எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்த இரண்டாவது அன்டிபயோடிக்கின் பெயரும் வேண்டும்.

மேல்மலைப்பனி (திங்கள் காலை 6.30)

அக்கா, ஒரே ஒரு தடவைதான். மத்தியானம் இரண்டு மணி இருக்கும், லேபிலேயே டப்பா கொடுத்தார்கள், அம்மா பாத்ரூமில் போய்த் துப்பிவிட்டு வந்தார். வெற்றிலை போட்டிருந்தார் என்று இப்போது சொல்கிறார். இரண்டாவது அன்டிபயோடிக் அசித்ரோமைசின். மற்ற மாத்திரைகள்: சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமின், கொலஸ்ட்ரோலுக்கு ஒன்று, பிரஷருக்கு எனலப்ரில் 5 மில்லிகிராம். பிரஷர் மாத்திரை நாலு மாதத்துக்கு முன் தொடங்கியது.

பொகவந்தலாவை மருமகள் (திங்கள் காலை 7.10)

அன்டிபயோடிக் பெயரை அக்கா ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். என் மாமனாருக்கு நடந்தது அது. இருமல், கொஞ்சம் காய்ச்சல். ஒரு தனியார் இடத்தில் நெஞ்சுச்சளி என்று லெவோஃப்ளொக்சசின் ஏழு நாள் எழுதினார்கள். நாலாம் நாளே காய்ச்சல் நின்று, சாப்பிடத் தொடங்கி, மறுபடி வேலைக்கும் போய்விட்டார். மூன்று வாரத்தில் திரும்ப வந்தது. அதே மருந்தை மறுபடி கொடுத்தார்கள், மறுபடி சுகம். இப்படியே மூன்றரை மாதம் ஓடியது. கடைசியில் மார்பு கிளினிக்கில் பார்த்தபோது வலது பக்க மேல்பாகத்தில் ஓட்டை. எங்கள் வீட்டில் எட்டுப் பேரையும் வரச்சொல்லிச் சோதித்தார்கள். என் சின்னவளுக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். அவர் ஆறு மாதம் மருந்து குடித்து நன்றாக இருக்கிறார், முழுவதும் இலவசம். ஆனால் அந்த மூன்றரை மாதத்தை நினைத்தால் இன்னும் நெஞ்சு பதைக்கிறது.

ஆய்வுக்கூட அக்கா (திங்கள் இரவு 8.20)

மருமகள் சொன்னதேதான். லெவோஃப்ளொக்சசின், சிப்ரோஃப்ளொக்சசின் வகை காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடிக்கும். ஆள் தேறினமாதிரித் தெரியும், சளியிலும் கிருமி குறைந்துவிடும், நோய் உள்ளே இருக்கும். அமொக்ஸிசிலினும் அசித்ரோமைசினும் அப்படி மறைக்கிற மருந்தல்ல, அந்த மட்டில் நல்லது.

இப்போது அம்மா கொடுத்த சளி. தம்பி, அது சளியே இல்லை, எச்சில். எங்களுக்குக் கண்ணாடித் தட்டில் வைத்ததுமே தெரிந்துவிடும், கன்னத்தின் உட்தோல்தான் படலம் படலமாகக் கிடக்கும், நுரையீரலில் இருந்து வந்த ஒன்றும் இருக்காது. அதில் கிருமி இல்லை என்ற ரிப்போர்ட் அம்மாவின் நெஞ்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நல்ல சளியாக இருந்தாலும் நுண்ணோக்கிக்கு ஓர் எல்லை உண்டு. நீலப் பின்னணியில் சிவப்புக் கோடு கோடாகத் தேடுகிறோம், நூறு இடம் பார்த்துத்தான் 'இல்லை' என்று எழுதுவோம். ஒரு மில்லிலீட்டரில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமி இருந்தால்தான் கண்ணில் படும். ஜீன் எக்ஸ்பர்ட் என்ற இயந்திரச் சோதனைக்கு நூற்றுச்சொச்சம் போதும், இரண்டு மணி நேரத்தில் விடை வரும், முக்கிய மருந்தான ரிஃபம்பிசினுக்கு அந்தக் கிருமி அடங்குமா என்றும் சொல்லும். மார்பு கிளினிக்கில் கேளுங்கள். எங்கள் இடத்தில் கடிதம் இல்லாமல் நேரே வந்தாலும் பார்க்கிறோம்.

எப்படிக் கொடுப்பது என்று சொல்கிறேன், இதைத்தான் யாரும் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. விடிந்ததும் பிளேன்டீக்கு முன், வெற்றிலைக்கு முன். வெறும் தண்ணீரில் இரண்டு தடவை வாய் கொப்பளிக்க வேண்டும். வீட்டுக்குள் வேண்டாம், வாசலில் காற்றோட்டத்தில், மற்றவர்கள் தள்ளி நிற்க. ஆழமாக மூச்சை இழுத்துச் சில விநாடி பிடித்து மெதுவாக விட வேண்டும், இப்படி இரண்டு தடவை. மூன்றாவது இழுப்பில் அடிவயிற்றில் இருந்து பலமாக இருமினால் தொண்டையில் கட்டியாக ஒன்று வரும், அதுதான் வேண்டும். ஒரு தேக்கரண்டி போதும். மூடியை இறுக்கி, வெயில் படாமல் அன்றைக்கே கொண்டுபோங்கள். வறட்டு இருமல்காரருக்கு அப்படியும் வராவிட்டால் கிளினிக்கில் உப்புநீர் ஆவி பிடிக்க வைத்து எடுப்பார்கள். கூடவே நெஞ்சு எக்ஸ்ரே கட்டாயம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் காசநோய் வர வாய்ப்பு அதிகம், எக்ஸ்ரேயிலும் வழக்கமான மேல்பாகத்தில் இல்லாமல் கீழ்ப்பாகத்தில் தெரியலாம். டொக்டரிடம் சீனி வருத்தத்தை முதலிலேயே சொல்லுங்கள்.

அப்புறம் அந்த எனலப்ரில். அதுவே வறட்டு இருமல் தரக்கூடியது, பெண்களுக்கு இன்னும் கூடுதலாக. நீங்களாக நிறுத்தாதீர்கள், கிளினிக்கில் கேளுங்கள்.

பதுளைக்காரன் (திங்கள் இரவு 9.00)

எனலப்ரிலாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். குடிக்கத் தொடங்கி நாலு மாதம், இருமல் ஏழு வாரம். மருந்து ஒத்துவராவிட்டால் முதல் வாரமே தெரிந்துவிடுமே.

என் கதையையும் சொல்கிறேன். எனக்கு ஒரு வருடம் இருமல். எக்ஸ்ரே, சளி எல்லாம் சுத்தம். காலையில் எழுந்ததும் தொண்டையைச் செருமாமல் பேச முடியாது, மூக்கின் பின்னால் ஏதோ வழிகிற மாதிரி. சைனஸ் எக்ஸ்ரே எடுத்தேன், வீண் செலவு, அதில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் காது மூக்குத் தொண்டை டொக்டர் ஒருவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, தொண்டையின் பின்சுவர் கூழாங்கல் பரப்பின மாதிரி இருக்கிறது, மூக்கிலிருந்து வழிகிறது என்றார். ஸ்டீரோய்டு ஸ்பிரே தந்தார். ஐந்து நாள் அடித்துவிட்டுப் பயனில்லை என்று நிறுத்தினேன். அவர் திட்டி, நடுச் சுவரை நோக்கி அடிக்கக் கூடாது, வலது கையால் இடது மூக்கு, காதுப் பக்கம் சாய்த்து அடி, இரண்டு வாரம் பொறு என்றார். மூன்றாவது வாரம் இருமல் போனது. அம்மாவுக்கும் மூக்கைப் பாருங்கள்.

ஆய்வுக்கூட அக்கா (திங்கள் இரவு 9.25)

எனலப்ரில் விஷயத்தில் முதல் வாரம் என்ற கணக்கு சரியில்லை. சிலருக்கு ஒரு வாரத்தில், சிலருக்கு ஐந்தாறு மாதம் கழித்து. நிறுத்தினாலும் அடுத்த நாளே போகாது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து நாலு வாரம், சிலருக்கு மூன்று மாதம்கூட. மாற்று மருந்தாக லொசார்ட்டன் கொடுத்தால் அந்த இருமல் பொதுவாக வராது.

லிந்துலைத் தாய் (செவ்வாய் காலை 5.50)

அக்கா, என் மகளுக்கு 5 வயது. நாலு வாரமாக இருமல். அவளுக்கும் எனலப்ரில் மாதிரி ஏதாவது காரணமாக இருக்குமா? அவளால் துப்பவே தெரியாது, இந்தச் சோதனையை எப்படிச் செய்வது?

ஆய்வுக்கூட அக்கா (செவ்வாய் மதியம் 12.40)

தங்கச்சி, பெரியவர்களின் கணக்கைப் பிள்ளைக்குப் போடக் கூடாது. பிள்ளைகள் சளியை விழுங்கிவிடுவார்கள், தேவைப்பட்டால் விடிகாலையில் வயிற்றிலிருந்து குழாய் வழியாக எடுத்துச் சோதிப்போம். அதற்கு முன் ஒன்று யோசித்துப் பாருங்கள். இருமல் ஒரே நாளில் திடீரென்று தொடங்கியதா, கச்சான் ஏதாவது சாப்பிடும்போது புரையேறியதா? அப்படியானால் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மூச்சுக்குழாயில் கச்சான் துண்டு வாரக்கணக்காகக் கிடந்த பிள்ளைகள் உண்டு. அப்படி இல்லாவிட்டாலும் நாலு வாரம் என்பது பிள்ளைக்கு அதிகம், குழந்தை நல டொக்டரிடம் காட்டுங்கள். தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.

கொட்டகலைத்தம்பி (செவ்வாய் இரவு 9.30)

சரி அக்கா, டீபி பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் கேஸை விட மாட்டேன். எங்கள் அப்பாவுக்கு ஒமெப்ரசோலில் இருமல் நின்றது, கண்ணால் பார்த்தேன்.

பொகவந்தலாவை மருமகள் (செவ்வாய் இரவு 9.55)

உங்கள் அப்பாவுக்கு நெஞ்செரிச்சல் இருந்ததா தம்பி? புளிச்ச ஏப்பம், வாயில் கசப்பு? என் கணவர் அது எதுவும் இல்லாமல் இரண்டு மாதம் ஒமெப்ரசோல் குடித்தார், ஒன்றும் நடக்கவில்லை. எரிச்சல் இருப்பவர்களுக்குத்தான் அதைக் கொடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது, அதுவும் சாப்பாட்டுக்கு அரை மணி முன், இரண்டு வாரம் போதாது என்று டொக்டர் சொன்னார்.

கொட்டகலைத்தம்பி (செவ்வாய் இரவு 10.10)

எரிச்சல் இருந்தது, அக்கா. அப்பாவுக்கு இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுக்கிற பழக்கமும் இருந்தது. அதையும் மாற்றினோம். இப்போது யோசித்தால் மாத்திரையா, நேரத்தை மாற்றியதா என்று சொல்ல முடியவில்லை.

மேல்மலைப்பனி (பத்து நாள் கழித்து, வெள்ளி இரவு 8.00)

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்ன மாதிரி வாசலில் நின்று, வாய் கொப்பளித்து, விடிகாலையில் எடுத்தோம். முதல் நாள் எச்சில்தான் வந்தது, கொட்டிவிட்டு அடுத்த நாள் திரும்பச் செய்தோம். மஞ்சளாகக் கொஞ்சம் வந்தது. இரண்டு நாள் கொடுத்தோம். ஜீன் எக்ஸ்பர்ட்டில் கிருமி இல்லை, எக்ஸ்ரே சுத்தம். டொக்டர் மார்பில் வைத்துக் கேட்டபோதும் சத்தம் இல்லையாம். நெஞ்செரிச்சல் இல்லை, மூக்கிலும் வழிவதில்லை என்று அம்மா சொல்கிறார். எனலப்ரிலை நிறுத்தி லொசார்ட்டன் எழுதினார்கள். வேறு எதையும் இப்போது மாற்ற வேண்டாம், மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்றார்கள். எனக்குப் பொறுமையில்லை. ஒரு இன்ஹேலரும் சேர்த்துக் கேட்டிருக்கலாமோ?

ஆய்வுக்கூட அக்கா (வெள்ளி இரவு 9.10)

வேண்டாம் தம்பி, டொக்டர் செய்தது சரி. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எதனால் குறைந்தது என்று தெரியாமல், தேவையில்லாத மருந்தை வருடக்கணக்கில் குடிக்க வேண்டிவரும். கொட்டகலைத் தம்பிக்கு இப்போது அதுதானே குழப்பம்.

காத்திருக்கும் நாட்களில் ஒன்று செய்யலாம். பீக் ஃப்ளோ மீட்டர் என்று கையளவு குழாய் ஒன்று இருக்கிறது, கிளினிக்கில் கேளுங்கள், ஃபார்மசியிலும் கிடைக்கும். நின்றுகொண்டு, மூச்சை முழுவதும் இழுத்து, உதடு இறுக்கி ஒரே ஊதல். மூன்று தடவை ஊதி, அதில் கூடியதை எழுதுங்கள். விடிகாலை எழுந்ததும் ஒன்று, மாலை ஒன்று, இரண்டு வாரம். ஆஸ்துமாக்காரருக்கு நெஞ்சில் சத்தமே இல்லாமல் இருமல் மட்டும் வருவது உண்டு, விடிகாலையில் மூச்சுக்குழாய் சுருங்கும், மாலையில் விரியும். மூன்று மணிக்கு எழுந்து உட்காருகிறார் என்று நீங்கள் எழுதியதுமே எனக்கு அந்த எண்ணம் வந்தது.

மேல்மலைப்பனி (நாலு வாரம் கழித்து, சனி காலை 10.20)

மாத்திரை மாற்றி மூன்று வாரத்தில் பகல் இருமல் பாதிக்கு மேல் குறைந்தது. பேசும்போது வருவது இல்லை. ஆனால் இரவு இருமல் அப்படியே. மீட்டர் கணக்கு: காலையில் 250, 260, 270 என்று நிற்கும். மாலையில் 320, 330. ஒரு நாள் அடுப்படியில் ஈர விறகு வைத்துப் புகைந்தது, அடுத்த நாள் காலையில் 230.

அந்தக் கொப்பியைப் பார்த்ததும் டொக்டர், காலைக்கும் மாலைக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தாலே யோசிக்க வேண்டும், இது இருபதைத் தாண்டுகிறது என்றார். ஸ்பைரோமெட்ரிக்கு அனுப்பினார். முதலில் ஊதியபோது ஒரு விநாடியில் 1.42 லீட்டர். சல்பியூட்டமோல் இழுத்துக் கால் மணி நேரம் கழித்து 1.66. அதாவது 240 மில்லிலீட்டர் கூடியது. 200க்கும், 12 சதவீதத்துக்கும் மேல் கூடினால் ஆஸ்துமா என்று எடுக்கலாமாம். பெக்ளோமெத்தசோன் காலையும் மாலையும் தொடங்கி ஆறு நாள். நேற்று இரவு ஒரு தடவைதான் எழுந்தார்.

பதுளைக்காரன் (சனி காலை 11.00)

ஆக இரண்டு காரணமும் ஒன்றாக இருந்திருக்கிறது. எனலப்ரில் பற்றி நான் சொன்னது பிழை.

கொட்டகலைத்தம்பி (சனி மதியம் 1.15)

ஸ்பைரோமெட்ரி சுத்தமாக வந்திருந்தால் ஆஸ்துமா இல்லை என்று அர்த்தமா அக்கா?

ஆய்வுக்கூட அக்கா (சனி மாலை 6.40)

இல்லை தம்பி. சுகமாக இருக்கும் நேரத்தில் ஊதினால் ஆஸ்துமாக்காரருக்கும் எண் சரியாக வரும். அதனால்தான் அந்தக் கொப்பிக்கு மதிப்பு. சில இடங்களில் மூச்சுக்குழாயைத் தூண்டிப் பார்க்கும் சோதனை செய்வார்கள், மலைநாட்டில் அதற்கு அலைய வேண்டிவரும்.

மேல்மலைத் தம்பி, அம்மாவின் மூச்சுக்குழாய் அடுப்புப் புகையால் கெட்டதா, முன்பே இருந்த ஆஸ்துமாவைப் புகை கிளறியதா என்பதை என்னால் சொல்ல முடியாது. மருந்து தொடங்கிச் சில மாதம் கழித்து மறுபடி ஊதிப் பார்த்தால் கொஞ்சம் தெளிவாகலாம். மெலிந்த மூன்று கிலோ திரும்புகிறதா என்று மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். இருமல் குறைந்தும் எடை இறங்கிக்கொண்டே போனால், சளி சுத்தம் என்ற ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் மறுபடி வாருங்கள்.

மேல்மலைப்பனி (சனி இரவு 7.30)

எழுதி வைத்துக்கொண்டேன் அக்கா. மருந்து இழுத்ததும் வாய் கொப்பளிக்கச் சொன்னார்கள், அம்மா அதை மறந்து நேரே வெற்றிலைப் பெட்டியை எடுக்கிறார். வரும் வியாழன் கிளினிக். கேட்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

ஆய்வுக்கூட அக்கா (சனி இரவு 7.45)

கருவியைக் கையோடு கொண்டுபோங்கள். தாதியம்மா முன்னால் அம்மாவை ஒரு தடவை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். மருந்து நெஞ்சுக்குள் போகிறதா, நாக்கிலேயே ஒட்டுகிறதா என்று அவருக்குப் பார்த்ததும் தெரியும்.